உங்களுக்குத் தெரியுமா? – புகழ்ச்சிக்குள் ஒளிந்த பழி

பொய் ஒன்றும் சொல்லாமல், வசைச்சொல் ஒன்றும் இல்லாமல் ஓர் அரசனை அவன் முன்னாலேயே பழித்திருக்கிறார் ஔவையார். புறநானூற்றின் 95ஆம் பாடல் அது. அதியமானின் தூதராகப் போனவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான் என்கிறது பாட்டின் பழைய குறிப்பு.

ஔவை சொன்னதன் சாரம் இதுதான்: இங்கே உள்ள படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக்கொண்டு, காவல் மிகுந்த பெரிய மனையில் இருக்கின்றன. எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, எப்போதும் கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன.

முதல் பாதியை மட்டும் தனியே படித்துப் பாருங்கள். பழி எங்கேயும் தட்டுப்படாது. படைக்கலத்துக்கு மாலை சூட்டுவது அக்கால வழக்கம்தான். இந்தப் பாட்டின் துறையே வாளை வாழ்த்தும் ‘வாள்மங்கலம்’. கொல்லன் பட்டறை வந்த பிறகுதான் முன்னே படித்த பளபளப்பின் பொருள் புரள்கிறது: பழுதே இல்லாத வேல், போருக்கே போகாத வேல். மேலே புகழ்ச்சி தொண்டைமானுக்கு, குறை அதியமானுக்கு. உள்ளே இரண்டும் இடம் மாறி நிற்கின்றன.

இப்படி மறைந்திருக்கும் பழியை எப்படிக் கண்டுபிடிப்பது? புகழப்படும் குணம் அந்தப் பொருளின் வேலைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அழகு, அணிகலனுக்குப் பெருமை. வேலின் பெருமை அது பட்ட காயத்தில் இருக்கிறது. சொன்னதெல்லாம் கண்ணெதிரே இருக்கும் உண்மை என்பதால் தொண்டைமானால் மறுத்துப் பேசவும் முடியாது. தூது போனவருக்கு இதைவிடப் பாதுகாப்பான பேச்சு கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது பாட்டின் முடிவு. அங்கே ஔவை மறைபொருளையே விட்டுவிடுகிறார். செல்வம் இருந்தால் உணவு கொடுத்து, இல்லாவிட்டால் இருப்பதைப் பலரோடு பகிர்ந்து உண்பவன் எங்கள் தலைவன் என்று நேராகவே புகழ்கிறார். அந்த நேர்ப்பேச்சுதான், முன்னே சொன்னதில் எது மெய்ப்புகழ் என்று உறுதி செய்கிறது.

இந்த உத்திக்குத் தொல்காப்பியச் செய்யுளியலிலேயே இடம் உண்டு. வெளிப்படையாகப் பழிப்பது, பழியை மறைத்துச் சொல்வது என்று அங்கதம் அங்கே இரண்டு வகை.

திருக்குறளிலும் இதே உத்தியைக் காணலாம். கயமை அதிகாரத்தில் கயவர்கள் தேவர்களுக்கு ஒப்பாகிறார்கள் (குறள் 1073). காரணத்தையும் வள்ளுவர் உடனே சொல்லிவிடுகிறார்: இருவரும் தாம் விரும்பியபடியே நடப்பவர்கள். ஔவை கொட்டிலையும் பட்டறையையும் எதிரெதிரே வைத்துச் செய்ததை வள்ளுவர் இந்த ஒரு காரணத்தைக் கொண்டே செய்கிறார். தேவருக்கு அது ஆற்றல். கட்டுப்படுத்த ஆளில்லாத கயவனுக்கோ அதுவே குற்றம்.