‘மின்தடை’ என்று எழுதிவிட்டால் போதுமா?

ஓரளவு பெரிய மருத்துவமனை எதுவானாலும் அங்கே ‘ரிஸ்க் ரெஜிஸ்டர்’ என்று ஒரு கோப்பு இருக்கும். தமிழில் இடர் பதிவேடு எனலாம். என்னென்ன கோளாறு வரக்கூடும், வந்தால் எவ்வளவு பாதிப்பு, அதற்கு என்ன ஏற்பாடு, யார் பொறுப்பு என்று வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு எக்செல் தாள்தான். தரச்சான்றுக்கு ஆய்வாளர்கள் வரும்போது தூசி தட்டி எடுப்பார்கள். அதில் அநேகமாக இப்படி ஒரு வரி இருக்கும்:

“மின்தடை. வாய்ப்பு: நடுத்தரம். பாதிப்பு: அதிகம். ஏற்பாடு: ஜெனரேட்டர் உள்ளது.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு எவரும் எழுந்துபோய் ஒரு வேலையும் செய்ய முடியாது. எந்த மின்தடையைச் சொல்கிறார்கள்? மழைக்காற்றில் ஐந்து நிமிடம் போய் வருவதா, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை நிறுத்துவதா, துணை மின்நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் வராமல் இருப்பதா? ‘நடுத்தரம்’ என்பது எதன் வாய்ப்பு? கரண்ட் போவதன் வாய்ப்பு என்றால் அது நிச்சயம் போகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவிகள் நின்றுபோவதன் வாய்ப்பு என்றால் அது அரிது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்ததுபோல ஒரு ‘நடுத்தரம்’ போட்டிருக்கிறார்கள். என் கணிப்பில், ‘நடுத்தரம்’ என்று எழுதியிருக்கும் இடங்களில் பாதி, யோசிக்க நேரமில்லாததால் எழுதியவை.

இந்தத் துறையில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட வரிகளைத் திருத்த ஒரு வாக்கிய அமைப்பை வைத்திருக்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் ஹில்சன் என்ற இடர் மேலாண்மை வல்லுநர் இதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார். இதன்படி ஒவ்வொரு வரியிலும் மூன்று பகுதிகள் வர வேண்டும். முதலில் காரணம்: இன்றைக்கே இருக்கிற, நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்யக்கூடிய ஒரு நிலைமை. அடுத்து நிகழ்வு: நடக்கலாம், நடக்காமலும் போகலாம். கடைசியில் விளைவு: அது நடந்துவிட்டால் நம் வேலைக்கு நேரும் கதி. மூன்றில் நிச்சயமில்லாதது நடுவில் இருப்பது மட்டும்தான். அதனால் ‘லாம்’ என்று முடியும் சொல் அங்கேதான் வர வேண்டும். காரணத்தில் ‘இருக்கலாம்’ என்று எழுத நேர்ந்தால், இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று பொருள்.

கற்பனையாக ஒரு 60 படுக்கை மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு படுக்கைகள், பின்கட்டில் ஒரு டீசல் ஜெனரேட்டர். தரப் பிரிவில் வேலை பார்க்கும் பெண், மேலே சொன்ன வரியைக் கையில் எடுத்துக்கொண்டு எலெக்ட்ரீஷியனிடம் போகிறார்.

“ஜெனரேட்டர் எதனாலண்ணா ஸ்டார்ட் ஆகாமப் போகும்?”

“பேட்டரி வீக்கா இருந்தா ஆகாது மேடம். நம்மளுது போட்டு நாலு வருஷம் ஆச்சு.”

“வாராவாரம் ஓட்டிப் பாக்கறீங்கல்ல?”

“பாக்கறோம். ஆனா லோடு குடுக்காம சும்மா பத்து நிமிஷம் ஓட்டுவோம். லோடு மாத்தணும்னா ஐசியூல கரண்டை ஒரு தடவை கட் பண்ணணுமே, டாக்டருங்க ஒத்துக்க மாட்டாங்க.”

இந்தப் பேச்சில் ஒன்றல்ல, இரண்டு இடர்கள் வெளிவந்துவிட்டன. ஒன்று, இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி. இந்த வகை பேட்டரியைப் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றிவிடுவார்கள். நெருக்கடி நேரத்தில் ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இன்னொன்று, ஏஎம்எஃப் பேனல். வெளி மின்சாரம் போனதும் ஜெனரேட்டரைத் தானே கிளப்பி, கட்டடத்தின் சுமையை அதன்மேல் மாற்றுவது இந்தப் பேனல்தான். சுமை கொடுக்காமல் ஓட்டிப் பார்த்தால் இன்ஜின் ஓடுகிறது என்று மட்டுமே தெரியும். பேனல் சுமையை மாற்றுமா, மாற்றினால் இன்ஜின் தாங்குமா என்பது தெரியாது.

இனி அவர் எழுதும் முதல் வரி இப்படி இருக்கும்: “ஜெனரேட்டரைக் கிளப்பும் பேட்டரி நான்கு ஆண்டு பழையது, அதன் சார்ஜ் அளவைப் பதிவு செய்வதில்லை. இதனால் மின்தடையின்போது ஜெனரேட்டர் கிளம்பாமல் போகலாம். அப்படி நடந்தால், யுபிஎஸ் தாங்கும் 20 நிமிடத்துக்குப் பின் ஆறு படுக்கைகளின் வென்டிலேட்டர்களும் தம் உள் பேட்டரியில் மட்டுமே ஓடும். அதுவும் தீர்வதற்குள் நோயாளிகளை வேறு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டிவரும்.”

இரண்டாவது வரி: “ஏஎம்எஃப் பேனலை முழுச் சுமையோடு சோதித்ததே இல்லை. இதனால் ஜெனரேட்டர் ஓடினாலும் சுமை அதற்கு மாறாமல் போகலாம். அப்படி நடந்தால், எலெக்ட்ரீஷியன் வந்து கையால் மாற்றும்வரை அறுவை அரங்கில் விளக்கும் கருவிகளும் யுபிஎஸ்ஸை மட்டுமே நம்பியிருக்கும். இரவுப் பணியில் எலெக்ட்ரீஷியன் இல்லை.”

அந்த 20 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். யுபிஎஸ் வாங்கியபோது விற்றவர் சொன்ன கணக்கு என்றால் அதை நம்பக் கூடாது. யுபிஎஸ்ஸின் பேட்டரிக்கும் வயதாகும். பின்னால் சேர்த்த கருவிகளும் அதே யுபிஎஸ்ஸில்தான் ஓடுகின்றன. ஒருமுறை அளந்து பார்த்து, அளந்த தேதியையும் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

‘ஜெனரேட்டர் உள்ளது’ என்ற சொல் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு நியூயார்க்கில் நடந்ததைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் அந்த நகரைத் தாக்கியது. கிழக்கு ஆற்றின் கரையில் இருக்கும் என்ஒய்யு லாங்கோன், பெல்வியூ என்ற இரண்டு பெரிய மருத்துவமனைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. ஜெனரேட்டர் இல்லாமல் இல்லை. வெள்ளம் எட்டாத உயரத்தில்தான் வைத்திருந்தார்கள். பெல்வியூவில் 13-ஆம் மாடியில் இருந்தது. ஆனால் அவற்றுக்கு எரிபொருளை ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன. தண்ணீர் அங்கே நிறைந்தது. பெல்வியூவில் ஊழியர்களும் தேசியக் காவல் படையினரும் மாடிப்படிகளில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றி மேலே கொண்டுபோனார்கள். பிறகு அந்த மருத்துவமனையையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. லாங்கோனில் அந்த இரவே 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்றினார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மட்டும் 20 குழந்தைகள். மூச்சுக்கருவியில் இருந்தவர்களுக்குச் செவிலியர்கள் கையால் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டே ஒன்பது மாடி இறங்கினார்கள்.

அந்த மருத்துவமனைகளில் ‘வெள்ளம்: ஜெனரேட்டர் உயரத்தில் உள்ளது’ என்று ஒரு வரி இருந்திருந்தால் அது சரியான வரிதான், உதவாத வரியும்கூட. “எரிபொருள் பம்புகள் அடித்தளத்தில், ஆற்றங்கரைக் கட்டடத்தில் உள்ளன” என்று காரணத்தை எழுதத் தொடங்கியிருந்தால், பேனா அந்த வாக்கியத்தைத் தாண்டுவதற்குள் கேள்வி எழுந்திருக்கும். காரணத்தை எழுத வேண்டுமானால் படியிறங்கிப் போய் பம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இந்த முறையின் பலன் முக்கால்வாசி அந்த நடையில்தான் இருக்கிறது.

பழைய பதிவேட்டைத் திருத்த உட்கார்ந்தால், அரைகுறை வரிகள் மூன்று வகையாகப் பிரியும். ‘நோயாளி பாதுகாப்பு பாதிக்கப்படும்’ என்பது வெறும் விளைவு. ‘எதனால், என்ன நடந்து?’ என்று பின்னோக்கிக் கேட்டுக் கேட்டு முன்பகுதியை நிரப்ப வேண்டும். ‘மாற்று ஏற்பாடு இல்லை’ என்பது ஒரு தடுப்பு இல்லாத நிலை. அதை எழுதுகிறவர் மனதில் தீர்வை முடிவுசெய்துவிட்டு, அது இல்லாததையே இடராகக் காட்டுகிறார். இரண்டாவது ஜெனரேட்டர் வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்; பேட்டரியை மாற்றினாலே போதும் என்பது அந்த வரியில் தெரியாது.

மூன்றாவது வகைதான் அதிகம் குழப்பும்: ‘செவிலியர் பற்றாக்குறை’. ஆறு பணியிடங்கள் இன்றைக்கே காலி என்றால் அது இடர் அல்ல, நடந்துகொண்டிருக்கும் பிரச்சினை. அதற்கு வாய்ப்பு ‘நடுத்தரம்’ என்று மதிப்பெண் போடுவது வேடிக்கை. அது நூற்றுக்கு நூறு. ஆனால் அதே பற்றாக்குறை ஒரு நல்ல காரணமாக முடியும்: “இரவுப் பணியில் ஆறு படுக்கைக்கு இரண்டு செவிலியர்களே இருக்கிறார்கள். இதனால் வென்டிலேட்டர்கள் ஒரே நேரத்தில் நின்றால் எல்லோருக்கும் கையால் காற்றுப்பை அமுக்க ஆள் போதாமல் போகலாம்.” பிரச்சினையைப் பிரச்சினைப் பட்டியலுக்கு மாற்றிவிட்டு, அது பெற்றெடுக்கும் இடரை மட்டும் இங்கே வைத்துக்கொள்ளலாம்.

மூன்று பகுதியாகப் பிரித்ததும் மதிப்பெண் போடுவது எளிதாகிவிடுகிறது. வாய்ப்பு என்பது நடுப்பகுதிக்கு, பாதிப்பு என்பது கடைசிப் பகுதிக்கு. செய்ய வேண்டிய வேலையும் தானே பிரிந்துகொள்ளும். பேட்டரியை மாற்றுவதும் வாரம் ஒருமுறை வோல்டேஜைப் பதிவதும் காரணத்தைக் குறிவைப்பவை, பொறுப்பு எலெக்ட்ரீஷியனுக்கு. ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் காற்றுப்பை வைப்பதும், பக்கத்து மருத்துவமனையோடு நோயாளிகளை ஏற்றுக்கொள்ள ஒப்பந்தம் போட்டுவைப்பதும் விளைவைக் குறைப்பவை. பொறுப்பு தலைமைச் செவிலியருக்கும் நிர்வாகிக்கும். பழைய வரியில் எல்லோருக்கும் பொறுப்பு இருந்தது, அதனால் யாருக்கும் இல்லை.

இதில் ஒரு வம்பும் உண்டு. பிரிக்கத் தொடங்கினால் முடிவே இருக்காது. டீசலில் தண்ணீர், அடைத்த ஃபில்டர், எலி கடித்த வயர் என்று ஒரு ஜெனரேட்டருக்கே நாற்பது வரி எழுதலாம். அப்படி வீங்கிய பதிவேட்டை யாரும் படிக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த உருப்படியான அளவுகோல் ஒன்றுதான்: இரண்டு காரணங்களுக்கும் ஒரே வேலை, ஒரே ஆள் என்றால் ஒரே வரியாக்கிவிட வேண்டும். டீசல், ஃபில்டர், வயர் மூன்றும் மாதாந்திர சர்வீஸில் சரியாகிவிடும் என்றால் ஒரு வரி போதும். பேனல் தனி வரியாக நிற்கும், ஏனென்றால் அதைச் சோதிக்க மருத்துவர்களின் சம்மதம் வேண்டும்.

தெளிவாக எழுதிய வரிக்கு ஆயுள் குறைவு. புதுப் பேட்டரி வந்து, வாராவாரப் பதிவும் ஒழுங்காக நடந்தால், முதல் வரியின் காரணம் பொய்யாகிவிடும். அதை அடித்துவிடலாம், அல்லது பேட்டரி மாற்ற வேண்டிய அடுத்த தேதியைப் போட்டு வாய்ப்பைக் குறைத்து எழுதலாம். ‘மின்தடை’ என்ற பழைய வரியையோ எந்தக் காலத்திலும் அடிக்க வழியில்லை. பேனல் வரி இன்னும் சில வாரம் இருக்கும். அறுவை சிகிச்சை இல்லாத ஒரு ஞாயிறு காலை, ஐசியூவில் ஆள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, தலைமை மருத்துவர் கையெழுத்திட்டு, படுக்கைக்கு ஒரு செவிலியரைக் காற்றுப்பையோடு நிறுத்தி, மெயின் ஸ்விட்சை அணைத்துப் பார்க்கும்வரை.