"வந்தோம், வீடு பூட்டி இருந்தது!" - ஷூவை எடுக்க வராமலே தகவல்
கெடு முடிய ஒரு நாள்: குமாஸ்தா என்ன செய்தார்?

சென்னை,

"காலையிலே இருந்து வாசல்லேயே உட்கார்ந்திருக்கேன். ஈ, காக்காகூட வரலே. ஆனா 'வந்தோம், நீங்க வீட்டில் இல்லை'ன்னு போன்லே தகவல் வருது. இது எந்த ஊர் நியாயம் சார்?"

இப்படிக் குமுறுகிறார், சைதாப்பேட்டையைச் சேர்ந்த ஒரு குமாஸ்தா. இவர் மகனுக்காக ஆன்லைனில் 1,349 ரூபாய்க்கு ஷூ வாங்கினார். கேட்டது 8-ம் நம்பர். வந்ததோ 7-ம் நம்பர்.

பொருள் வந்தது 3-ந் தேதி. திருப்பிக் கொடுக்க 10-ந் தேதி வரை கெடு. மறுநாளே மனு போட்டு விட்டார். 6, 7, 8 ஆகிய 3 நாட்களும் ஆள் வரவில்லை. 9-ந் தேதி காலையில் "உங்கள் மனு ரத்து" என்று தகவல் வந்தது!

ஏன் வருவதில்லை?

பார்சல் கொண்டு வரும் வாலிபர் ஒருவரிடம் கேட்டோம்.

"பை நிறைய பார்சல் இருக்கும் சார். திருப்பி எடுக்கிற பொருளுக்கு இடம் இருக்காது. எடுக்கலேன்னா ஏதாவது காரணம் அழுத்தணும். 'ஆள் இல்லை'ன்னு அழுத்திடுவாங்க" என்றார், அவர்.

இப்படி 2, 3 முறை பதிவானால், பல நிறுவனங்களில் மனு தானாகவே ரத்தாகி விடும். கெடுவுக்குள் புது மனு போடலாம். கெடு தாண்டினால், மனு போடும் பொத்தானே மறைந்து விடும். ஆபத்து இதில்தான் இருக்கிறது. "நாளைக்கு வருவான்" என்று காத்திருப்பவர்தான் ஏமாறுகிறார்.

அன்று மாலையே செய்தார்

குமாஸ்தா சும்மா இருக்கவில்லை. முதலில், கெடு தேதி தெரியும் பக்கத்தையும், "ஆள் இல்லை" என்ற 3 தகவல்களையும் போனில் படம் பிடித்தார். அந்த 3 நாட்களிலும் தனக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை என்று காட்டும் அழைப்புப் பட்டியலையும் படம் பிடித்தார்.

அடுத்து, 9-ந் தேதியே புது மனு போட்டார். காரணம் கேட்ட இடத்தில் "பிடிக்கவில்லை" என்று அழுத்தவில்லை. "தவறான அளவு வந்தது" என்றே குறித்தார். தவறு யாருடையது என்பது அதில்தான் பதிவாகிறது.

பிறகு நிறுவனத்தின் செயலிக்குள்ளேயே எழுத்து மூலம் புகார் செய்தார். "3 முறை வராதது உங்கள் தவறு. ஆகவே கெடுவை நீட்டித்து எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் நானே கூரியரில் அனுப்புகிறேன். செலவைத் தருவீர்களா?" என்று கேட்டார். புகார் எண்ணையும், "கெடு 17-ந் தேதி வரை நீட்டிப்பு" என்ற பதிலையும் வாங்கிக் கொண்டார். வாய்ப்பேச்சில் கிடைத்த வாக்குறுதிக்குச் சாட்சி கிடையாது அல்லவா?

ஆள் வந்தது 12-ந் தேதி. பணமும் திரும்பியது.

கொடுக்கும்போது உஷார்

அட்டைப் பெட்டி, விலைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். வாசலிலேயே சரி பார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் "எடுக்க முடியாது" என்று போய் விடுவார்கள். பொருளைக் கொடுக்கும் முன்பு ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். கொடுத்த பிறகு, "எடுக்கப்பட்டது" என்ற தகவல் வந்ததா என்று ஆள் நகர்வதற்குள் பாருங்கள்.

இன்னொன்று. நிறுவனத்தின் போன் நம்பரை இணையத்தில் தேடாதீர்கள். போலி நம்பர் போட்டு வைத்திருக்கும் மோசடிக் கும்பலிடம் சிக்கினால் வங்கிப் பணமே போய் விடும். அப்படிப் போனால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

அப்புறமும் மசியாவிட்டால்?

2020-ம் ஆண்டின் மின் வணிக விதிகள்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் நிறுவனத்தோடு பேசி சமரசம் செய்து வைப்பார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

"1,349 ரூபாய்க்கு கோர்ட்டுக்குப் போவேனா சார்? அந்தப் படங்களும் புகார் நம்பரும் இருந்ததாலேதான் தப்பிச்சேன்" என்கிறார், குமாஸ்தா. மகன் இப்போது சரியான ஷூ போட்டுக் கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். வாங்கியது எங்கே தெரியுமா? தெருமுனைக் கடையில்!