பொது மிதிவண்டிப் பகிர்வும் மின் ஸ்கூட்டர் வாடகையும்

பொது மிதிவண்டிப் பகிர்வு என்பது, நகரின் பல இடங்களில் நிறுத்தப்பட்டிருக்கும் மிதிவண்டிகளுள் ஒன்றைக் கைப்பேசி வழியாகத் திறந்து எடுத்து, சிறிது தூரம் ஓட்டி, வேறோர் இடத்தில் விட்டுச்செல்லும் வாடகை முறையாகும். இதே முறையில் மின்கலத்தால் ஓடும் ஸ்கூட்டர்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இத்தகைய திட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. தூத்துக்குடி போன்ற மேடு பள்ளம் குறைந்த கடற்கரை நகரங்கள் மிதிவண்டிக்கு ஏற்றவை. ஆயினும் துறைமுக லாரிப் போக்குவரத்தும் உப்புக்காற்றும் அங்கே தனிக் கவனத்தை வேண்டுகின்றன.

## வாடகை சைக்கிள் கடையும் புதிய முறையும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் முன்பு மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடைகள் நிறைய இருந்தன. கடைக்காரர் ஒரு நோட்டில் பெயரையும் வண்டி எண்ணையும் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்வார். தெரியாத ஆளுக்கு வண்டி தரமாட்டார். தெரிந்தவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். திரும்பி வந்ததும் நேரத்தைக் கணக்கிட்டு, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காசு வாங்குவார். இன்றைய செயலி செய்வதும் இவ்வேலைகளைத்தான். நோட்டின் இடத்தில் பதிவும், தெரிந்தவரின் பொறுப்புக்குப் பதிலாக அடையாளச் சான்றும் முன்வைப்புத் தொகையும், கடிகாரத்தின் இடத்தில் பூட்டும் வந்துள்ளன. வண்டியைச் சுற்றிப் பார்க்கும் ஆள் மட்டும் இல்லை. அந்த வேலை ஓட்டுபவரிடம் வந்துவிட்டது.

இந்த ஏற்பாடுகள் ஏன் தேவைப்பட்டன என்பதை ஐரோப்பிய அனுபவம் காட்டுகிறது. 1965இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் புரோவோ என்ற இளைஞர் இயக்கத்தினர், வெள்ளை வண்ணம் பூசிய மிதிவண்டிகளைப் பூட்டாமல் தெருவில் விட்டனர். யாரும் எடுத்து ஓட்டலாம் என்பது அவர்கள் எண்ணம். அத்திட்டம் நிலைக்கவில்லை. 1995இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 20 குரோனர் நாணயத்தைச் செலுத்தி எடுக்கும் முறை வந்தது. வண்டியைத் திருப்பினால் நாணயம் திரும்பக் கிடைக்கும். ஆனால் நாணயத்தைச் செலுத்தியவர் யார் என்பது தெரியாததால் திருட்டு நிற்கவில்லை. 2007இல் பாரிஸில் தொடங்கிய வேலிப் திட்டம், வங்கி அட்டையில் 150 யூரோவைப் பிணையாகக் கொண்டது. வண்டி இப்போது யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே பகிர்வுத் திட்டங்கள் பெருநகரங்களில் பரவின.

## பதிவு

பதிவுக்குக் கைப்பேசி எண் அடிப்படை. அதற்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை இட்டதும் கணக்கு திறக்கும். மிதிவண்டிக்குப் பெரும்பாலும் பெயரும் பணம் செலுத்தும் வழியும் போதும். சில திட்டங்கள் அடையாள அட்டையையும் கேட்கும். வேகமாக ஓடும் மின் ஸ்கூட்டருக்கு ஓட்டுநர் உரிமத்தின் படமும், முகப் படமும் கேட்கப்படும். உரிமத்தில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் பதிவு நின்றுவிடும். ஒருவர் பதிவில் இன்னொருவர் ஓட்டினால், விபத்தின்போது பொறுப்பு பதிவு செய்தவர்மேல் விழும். எனவே மகனின் கணக்கில் தந்தையோ, தந்தையின் கணக்கில் மகனோ வண்டி எடுப்பது நல்லதன்று.

முன்வைப்புத் தொகை கேட்கும் திட்டத்தில், அது எத்தனை நாளில், எந்தக் கணக்குக்குத் திரும்பும் என்பதை முதலிலேயே படித்துக்கொள்ள வேண்டும். 2018இல் கோயம்புத்தூரில் மஞ்சள் நிற மிதிவண்டிகளை இறக்கிய சீன நிறுவனமான ஓஃபோ, அதே ஆண்டின் நடுவில் இந்தியாவை விட்டே விலகியது. அந்நிறுவனம் தன் நாட்டில் 99 அல்லது 199 யுவான் முன்வைப்பாகப் பெற்றிருந்தது. 2018 டிசம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அத்தொகையைத் திரும்பக் கேட்டு இணைய வரிசையில் நின்றனர். செயலியின் பணப்பையில் பெருந்தொகை போட்டு வைக்காமல், ஓரிரு பயணங்களுக்கு வேண்டியதை மட்டும் போடுவது இதிலிருந்து பெறும் பாடம்.

## பூட்டும் கட்டணமும்

மிதிவண்டிப் பகிர்வு இரு வகைப்படும். முதல் வகையில் வண்டியை அதற்கென அமைந்த நிலையத்தில் எடுத்து, மற்றொரு நிலையத்தில் விட வேண்டும். சென்னையில் 2019இல் தொடங்கிய ஸ்மார்ட்பைக் திட்டம் இவ்வாறு நிலையங்களைக் கொண்டு அமைந்தது. இரண்டாம் வகையில் நிலையம் இல்லை. செயலியின் வரைபடத்தில் காட்டப்படும் எல்லைக்குள் எங்கும் விடலாம். ஓஃபோ இவ்வகையைச் சேர்ந்தது. வண்டிகள் நடைபாதையிலும் வாசல்களிலும் சிதறிக் கிடப்பது இவ்வகையின் குறை. பாரிஸ் நகரில் வாடகை மின் ஸ்கூட்டர்களின் தொல்லை பற்றி 2023 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் எதிராக வாக்களித்ததால், அவ்வாண்டு செப்டம்பரில் அவை அகற்றப்பட்டன. எல்லைக்கு வெளியே வண்டியை விடுபவருக்கு அபராதம் விதிக்கப்படுவது இதனால்தான்.

வண்டியில் உள்ள கட்டக் குறியீட்டைக் கைப்பேசியால் படித்ததும், வண்டி எண் நிறுவனத்தின் கணினிக்குச் செல்கிறது. கணக்கில் பணம் இருந்தால் திறப்பதற்கான ஆணை வரும். சில பூட்டுகளில் சிம் அட்டை இருப்பதால் ஆணை நேரடியாகப் பூட்டுக்கு வரும். வேறு சிலவற்றில் ஓட்டுபவரின் கைப்பேசியே புளூடூத் வழியாக ஆணையைக் கொண்டுசேர்க்கும். மூடும்போதும் அப்படியே. இரண்டாம் வகைப் பூட்டில், கைப்பேசியின் இணையம் அணைந்திருந்தால், பூட்டு மூடியிருந்தாலும் பயணம் முடிந்ததாகக் கணினிக்குத் தெரியாது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்திலும் முத்துநகர் கடற்கரையிலும் நிலையங்கள் இருப்பதாகவும், ஒவ்வொரு அரை மணிக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 10 ரூபாய் கட்டணம் என்றும் கொள்வோம். ஒருவர் மாலை 6.00 மணிக்கு வண்டி எடுத்து 6.20க்குக் கடற்கரையை அடைகிறார். 7.30க்குக் கிளம்பி 7.50க்குத் திரும்புகிறார்.

கடற்கரையில் வண்டியைப் பூட்டிவிட்டுப் பயணத்தை முடிக்காமல் உட்கார்ந்திருந்தால், மொத்தம் 110 நிமிடம் ஆகிறது. அது நான்கு அரை மணிகளாகக் கணக்கிடப்பட்டு 40 ரூபாய் வரும். கடற்கரை நிலையத்தில் பயணத்தை முடித்து, திரும்பும்போது வேறு வண்டி எடுத்தால், இரண்டு 20 நிமிடப் பயணங்களுக்கும் சேர்த்து 20 ரூபாய்தான். அந்நேரத்தில் வேறு வண்டி கிடைக்காமல் போகலாம் என்பது இதிலுள்ள இடர். மூன்றாவதாக, 6.20க்குப் பூட்டியும் செய்தி கணினியை அடையாமல் போய், இரவு 10.00 மணிக்குத்தான் அவர் கவனிக்கிறார் என்றால், நான்கு மணி நேரத்துக்கு 80 ரூபாய் கழிந்திருக்கும். 10 ரூபாய்ப் பயணம் எட்டு மடங்காகிவிடும்.

ஆகவே பூட்டு மூடும் ஒலியை நம்பக்கூடாது. செயலியில் பயணம் முடிந்தது என்ற செய்தியும் கட்டண விவரமும் வந்த பின்பே நகர வேண்டும். வராவிட்டால், பூட்டிய வண்டியை எண்ணும் இடமும் தெரியும்படி படமெடுத்து, உடனே உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். படத்தில் பதிவாகும் நேரமே பின்னர் பணத்தைத் திரும்பப் பெற உதவும் சான்று.

## மின் ஸ்கூட்டரும் சட்டமும்

மின் ஸ்கூட்டரை எடுக்கும்முன் எண் பலகையைப் பார்க்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாகவும், மின்கலம் நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் உள்ள இருசக்கர வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அதற்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. எண் பலகையும் இராது. இதைவிட வேகமான வாடகை மின் வண்டியில் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்துகள் இருக்கும். அதை ஓட்ட உரிமம் வேண்டும், தலைக்கவசம் வேண்டும், வண்டிக்குக் காப்பீடும் இருக்க வேண்டும். வாடகைக்கு விடுபவரும் 1997ஆம் ஆண்டின் மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டும்.

எண் பலகை இல்லாத வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் பறந்தால், அதன் வேகக் கட்டுப்பாடு அகற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்போது அது பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனமாகிவிடும். விபத்து நேர்ந்தால் எதிரிலிருப்பவருக்கான இழப்பீட்டை ஓட்டியவரும் உரிமையாளரும் தம் கையிலிருந்து தர நேரிடும். உரிமமின்றி மோட்டார் வாகனம் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவராயின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

## பாதுகாப்பாக ஓட்டுதல்

பூட்டைத் திறப்பதற்கு முன்பே வண்டியைச் சோதிக்க வேண்டும். திறந்த பின் குறை தெரிந்தால் கட்டணம் ஓடத் தொடங்கியிருக்கும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். பிரேக் கைப்பிடியை அழுத்தும்போது அது ஹேண்டில்பாரைத் தொட்டால் பிரேக் தளர்ந்துள்ளது. கடற்கரை நகரில் வெளியே நிற்கும் வண்டியின் சங்கிலியையும் பிரேக் கம்பியையும் உப்புக்காற்று விரைவில் அரிக்கும். கைப்பிடியை விட்டதும் அது உடனே திரும்பாமல் மெதுவாக வந்தால், உறைக்குள் கம்பி துருப்பிடித்திருக்கிறது. அத்தகைய வண்டியைச் செயலியில் குறையுள்ளதாகக் குறித்துவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும்.

தூத்துக்குடியில் பெரிய இடர் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள். நீண்ட லாரி இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் சென்ற வழியே செல்வதில்லை. வளைவின் உட்பக்கமாக நெருங்கி வரும். அந்த இடப்பக்கத்தில் நிற்கும் சைக்கிளை ஓட்டுநரால் பார்க்கவும் முடியாது. சந்திப்பில் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழையாமல், அதன் பின்னால் நின்று, அது திரும்பி முடிந்த பின் செல்ல வேண்டும். லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி நமக்குத் தெரியவில்லை என்றால், நாமும் அதன் ஓட்டுநருக்குத் தெரியவில்லை என்று கொள்ளலாம்.

கோடை முடிந்து மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும் மாதங்களில், உப்பளங்களை ஒட்டிய திறந்த சாலைகளில் காற்று பக்கவாட்டில் மோதும். லாரி கடக்கும் கணத்தில் அது காற்றை மறைப்பதால், காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருக்கும் வண்டி லாரியின் பக்கமாக இழுக்கப்படும். லாரி சென்றதும் மறுபடி தள்ளப்படும். லாரி வரும் ஒலி கேட்டதும் வேகத்தைக் குறைத்து, இரு கைகளாலும் பிடித்து, சாலையின் ஓரத்திலிருந்து ஒரு முழம் இடம் விட்டு ஓட்ட வேண்டும். இலகுவான வாடகை ஸ்கூட்டருக்கும் இது பொருந்தும். சைக்கிளுக்குச் சட்டம் தலைக்கவசம் கேட்காவிட்டாலும், இத்தகைய சாலைகளில் அதை அணிவதே பாதுகாப்பு.