நோட்டீஸ் போர்டில் இரண்டு எண்கள்

நர்சிங் கல்லூரி முதல்வரின் சுற்றறிக்கை ஒட்டப்பட்டதும், எந்த பேட்ச் எந்த வார்டுக்கு என்றுதான் மாணவிகள் முதலில் பார்ப்பார்கள். கீழே வருகைப்பதிவு பற்றி இருக்கும் இரண்டு எண்களைப் பலர் கவனிப்பதில்லை. தேர்வு எழுத 80 சதவீதம். பட்டம் பெற, கிளினிக்கல் போஸ்டிங்கில் 100 சதவீதம். இது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி.

பிரசவ வார்டில் ஒரு மாணவிக்கு 24 நாள் போஸ்டிங் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலில் 5 நாள் வரவில்லை. வந்த நாள் 19, அதாவது 79 சதவீதம்தான். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தாலும் சதவீதம் ஏறாது. விடுப்புக்குக் காரணம் எதுவானாலும் கணக்கு ஒன்றே. 4 நாளோடு நின்றிருந்தால் 83 சதவீதம், தேர்வு எழுதலாம். ஆனால் அந்த 4 நாளையும் பிறகு ஈடுசெய்தாக வேண்டும், அதுவும் பிரசவ வார்டிலேயே. குழந்தை பிறப்பதை அருகில் நின்று பார்த்துக் கற்பதை எலும்பு முறிவு வார்டில் ஈடுகட்ட முடியாது. இந்த விதி கடுமையானது; எனக்கு நியாயமாகவே படுகிறது.

உடை விதியில் மோதிரமும் வளையலும் கூடாது என்பதற்கும் காரணம் நோயாளிதான். கை கழுவும்போது மோதிரத்துக்கு அடியில் சோப்பு சரியாகப் போகாது. அங்கே தங்கும் கிருமி அடுத்த கட்டிலுக்குப் போய்விடும்.