ஆறு இலக்க நம்பர் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "ப்ரோ, டூ ஸ்டெப் லாகின் ஆன் பண்ணிட்டேன். இனிமே என் அக்கவுன்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" பாதி ஆகாது. மீதிப் பாதி என்னன்னுதான் இன்னைக்குப் பேசப்போறோம்.

முதல்ல, அது தர்ற பாதுகாப்பு. நீங்க ஒரு ஷாப்பிங் சைட்ல போட்ட அதே பாஸ்வேர்டை மெயிலுக்கும் போட்டிருக்கீங்கன்னு வைங்க. அந்த சைட்டோட டேட்டா லீக் ஆகுது. திருடுறவன் உங்களைத் தேடி வர வேண்டாம். லீக் ஆன லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளை ஒரு ஸ்கிரிப்ட் மத்த சைட்கள்ல எல்லாம் வரிசையா போட்டுப் பார்க்கும். இந்த இடத்துல ரெண்டாவது ஸ்டெப் நிஜமாவே காப்பாத்தும். பாஸ்வேர்டு சரியா இருந்தாலும் கோடு இல்லாம கதவு திறக்காது.

அந்தக் கோடு எங்கிருந்து வருது? ஆத்தென்டிகேட்டர் ஆப்ல முதல் நாள் ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுவீங்கல்ல, அதுக்குள்ள ஒரு ரகசியச் சாவி இருக்கு. அது உங்க போன்லயும் சர்வர்லயும் சேமிக்கப்படும். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அந்தச் சாவியையும் இப்போதைய நேரத்தையும் வெச்சு, தனித்தனியா ஒரே கணக்கைப் போடுறாங்க. 30 செகண்டுக்கு ஒரு தடவை புது விடை. ஃபிளைட் மோட்ல கூட ஆப் கோடு காட்டுறது இதனாலதான். எஸ்எம்எஸ்ல வர்ற ஓடிபி அப்படி இல்ல. உங்க நம்பருக்கு யாராவது டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா, அது அவங்க போனுக்குப் போயிடும்.

ஆனா ரெண்டுக்கும் பொதுவா ஒரு ஓட்டை இருக்கு. அந்த ஆறு இலக்கத்துக்குத் தன்னை எந்தப் பக்கத்துல டைப் பண்றாங்கன்னு தெரியாது.

2022 ஜூலை 20 அன்னைக்கு நடந்ததைப் பாருங்க. கிளவுட்ஃபிளேர் கம்பெனியில குறைஞ்சது 76 ஊழியர்களுக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள எஸ்எம்எஸ் வந்துச்சு. அதுல இருந்த லிங்க் cloudflare-okta.com. ஆக்டாங்கிறது கம்பெனிகளுக்கு லாகின் வசதி தர்ற ஒரு நிறுவனம். அதனால பேரைப் பார்த்தா சந்தேகமே வராது. ஆனா நடுவுல இருக்கிறது புள்ளி இல்ல, சின்னக் கோடு. புள்ளி இருந்திருந்தா அது ஆக்டாவோட இடம். கோடு இருந்தா காசு கொடுத்து யார் வேணா வாங்கிக்கலாம். இதையும் 40 நிமிஷத்துக்கு முன்னாடிதான் யாரோ வாங்கியிருந்தாங்க.

நீங்க அந்தப் போலிப் பக்கத்துல பாஸ்வேர்டு போட்டா, அது அந்த நொடியே டெலிகிராம் வழியா திருடனுக்குப் போகும். அவன் அதை நிஜமான பக்கத்துல போடுவான். நிஜப் பக்கம் கோடு கேட்கும். போலிப் பக்கமும் உங்ககிட்ட கோடு கேட்கும். நீங்க போடுவீங்க. கோடு காலாவதி ஆகுறதுக்குள்ள அவன் உள்ள போயிடுவான். "ஓடிபி சொல்லுங்க சார்"னு போன் பண்றவங்க செய்யறதும் இதேதான், இங்க குரல் மட்டும் இல்ல. அதே சமயத்துல ட்விலியோ கம்பெனி ஊழியர்கள் சிலர் இதே மாதிரி எஸ்எம்எஸ்ல ஏமாந்து, வாடிக்கையாளர்கள் சிலரோட தகவல் வெளியே போச்சு.

கிளவுட்ஃபிளேர்லயும் மூணு பேர் பாஸ்வேர்டைப் போட்டுட்டாங்க. ஆனா திருடன் உள்ள வரல. காரணம், அங்க ஊழியர்களுக்குக் கோடே கிடையாது. பென் டிரைவ் மாதிரி ஒரு செக்யூரிட்டி கீ உண்டு. அதைப் பதிவு பண்ணும்போதே எந்த சைட்டுக்குன்னு முகவரியோட சேர்த்துப் பதிவாகும். லாகின் பண்ணும்போது பிரவுசர் தான் நிக்கிற முகவரியைக் கீகிட்ட சொல்லும். அது வேற முகவரின்னா கீ பதிலே தராது. மனுஷக் கண்ணு கோட்டுக்கும் புள்ளிக்கும் ஏமாறும், கீ ஏமாறாது. இப்போ போன்ல வர்ற பாஸ்கீயும் இதே முறைதான்.

சரி, பாஸ்கீ போட்டா முடிஞ்சுதா? இல்ல. லாகின் ஆனதும் சைட் உங்க பிரவுசர்ல ஒரு குக்கி வைக்கும், கல்யாண மண்டபத்துல கையில கட்டுற பட்டை மாதிரி. கிராக் சாஃப்ட்வேர் கூட வந்த வைரஸ் அந்தக் குக்கியைத் தூக்கிட்டுப் போனா, அந்த லாகின் உயிரோட இருக்கிற வரைக்கும் யாரும் பாஸ்வேர்டும் கேட்க மாட்டாங்க, கீயும் கேட்க மாட்டாங்க. இன்னொண்ணு, "வேறு வழியில் உள்நுழைக"ன்னு ஒரு பட்டன். அங்க எஸ்எம்எஸ் வழி இன்னும் திறந்திருந்தா, உங்க பாதுகாப்பும் எஸ்எம்எஸ் அளவுதான்.

அதனால முதல்ல மெயில் அக்கவுன்ட்டுக்கு பாஸ்கீ போடுங்க, ஏன்னா மத்த எல்லா பாஸ்வேர்டும் ரீசெட் ஆகுறது அங்கதான். பேக்கப்புக்கு ரெண்டாவது சாதனத்துலயும் ஒண்ணு போட்டுட்டு, எஸ்எம்எஸ் வழியை எடுக்க முடிஞ்சா எடுத்துடுங்க. கோடு மட்டும்தான் இருக்குன்னா, பாஸ்வேர்டு மேனேஜரைக் கவனிங்க. எப்பவும் தானா நிரப்புற பெட்டி இன்னைக்குக் காலியா இருந்தா, கையால டைப் பண்ணாம, மேல முகவரியை ஒரு தடவை எழுத்தெழுத்தா படிங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.