பெண்களின் சிறுநீர்ப்பைத் தொற்றில் மருந்துத் தெரிவும் குடல்வாழ் நுண்ணுயிரிகளின் எதிர்ப்புத்திறனும்

பெண்களுக்கு ஏற்படும் சிக்கலற்ற சிறுநீர்ப்பைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈ. கோலி என்னும் பாக்டீரியாவே காரணம். இதன் இருப்பிடம் பெருங்குடல். சிறுநீர்ப்பை அது சென்றடையும் இடம் மட்டுமே. ஆதலால் ஒரு மருந்து சிறுநீரில் என்ன செய்கிறது என்பதோடு குடலில் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே மருந்துத் தெரிவை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஒரு மாதிரி நேர்வைக் கொள்வோம். காய்ச்சலோ விலாவலியோ இல்லாத, கருவுறாத 34 வயதுப் பெண்ணுக்குச் சிறுநீர்க் கடுப்பு உண்டாகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் தரப்படுகிறது, இரு நாளில் கடுப்பு தணிகிறது. ஆறு வாரத்தில் அது மீள, செஃபிக்சிம் ஏழு நாள் தரப்படுகிறது. மூன்றாம் முறைதான் சிறுநீர் வளர்சோதனை செய்யப்படுகிறது. அதில் வளர்ந்த ஈ. கோலி அவ்விரு மருந்துகளுக்கும் கட்டுப்படவில்லை, நைட்ரோஃபுராண்டோயினுக்குக் கட்டுப்பட்டது.

இதற்கான விளக்கம் குடலில் உள்ளது. சிப்ரோஃப்ளாக்சசின் சிறுநீரில் மட்டுமன்றிக் குடலிலும் மிகுந்த செறிவில் வெளியேறுகிறது. அங்கே மருந்துக்குக் கட்டுப்படும் ஈ. கோலி அழிய, கைரேஸ் நொதியில் மரபுப்பிறழ்வு கொண்ட சிலவே எஞ்சிப் பெருகுகின்றன. அடுத்த தொற்று அவற்றிலிருந்தே தொடங்கக்கூடும். செஃபலோஸ்போரினைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் உள்ளது. அதே பிளாஸ்மிட்டில் வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் இருப்பதுண்டு. எனவே ஒரு மருந்தின் அழுத்தம் பயன்படுத்தாத மருந்துக்கும் எதிர்ப்பை வளர்க்கலாம். முதன்மைநிலை மருத்துவத்தில் பெற்ற ஆன்டிபயாட்டிக்கின் விளைவை ஆராய்ந்து 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான தொகுப்பாய்வு, எதிர்ப்புத்திறன் முதல் மாதத்தில் மிகுதியாகவும் பன்னிரண்டு மாதம் வரையிலும் காணப்படலாம் எனக் காட்டியது.

நைட்ரோஃபுராண்டோயின் இதிலிருந்து வேறுபடுகிறது. அதன் பெரும்பகுதி சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் செறிகிறது. பெருங்குடலுக்குச் சிறிதளவே எட்டுகிறது. பாக்டீரியாவின் பல இலக்குகளை ஒருசேரத் தாக்குவதால் ஒற்றைப் பிறழ்வால் அதை எளிதில் வெல்ல இயலாது. 100 மில்லிகிராம் மெதுவெளியீட்டு வடிவில் நாளொன்றுக்கு இருமுறை, ஐந்து நாள் என்பது வழக்கமான அளவு. ஃபாஸ்போமைசின் 3 கிராம் ஒரே வேளையில் முடிகிறது. டிரைமெத்தோபிரிம்–சல்ஃபாமெத்தாக்சசோல் மூன்று நாள் போதும். ஆனால் வட்டார ஈ. கோலியில் எதிர்ப்பு 20 விழுக்காட்டைத் தாண்டினால் சோதனையின்றி அதைத் தொடங்குவதில்லை.

இச்சிறப்பே நைட்ரோஃபுராண்டோயினின் எல்லையுமாகும். இரத்தத்திலும் திசுவிலும் போதிய செறிவு கிட்டாததால், காய்ச்சலும் விலாவலியும் கூடிய சிறுநீரகத் தொற்றுக்கு அது உதவாது. சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்க்கும் பொருந்தாது.

“நாள் கூடினால் எதிர்ப்பு குறையும்” என்ற பரவலான எண்ணம் இங்குப் பொருந்தாது. சிறுநீர்ப்பைத் தொற்று குணமான பின்னும் நீளும் ஒவ்வொரு நாளும் குடல் ஈ. கோலி மீதான அழுத்தத்தையே நீட்டுகிறது. அறிகுறி இன்றி வளர்சோதனையில் மட்டும் பாக்டீரியா தென்படும்போது மருந்து தருவதும் இத்தகையதே. அடிக்கடி தொற்றுக்குள்ளான இளம்பெண்களிடம் இத்தாலியில் நிகழ்த்தி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அவ்வாறு மருந்து பெற்றோரிடமே தொற்று மிகுதியாக மீண்டது. கருவுற்றோர் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்கு அறிகுறியற்ற நிலையிலும் சிகிச்சை தேவை. மேற்கண்ட நேர்விலும் ஐந்து நாளில் கடுப்பு நீங்கிய பின் மறு வளர்சோதனை வேண்டியதில்லை. அறிகுறி மீண்டால் மட்டும், அடுத்த மருந்தைத் தொடங்கும் முன் சிறுநீர் மாதிரி எடுக்கப்பட வேண்டும்.