எந்தத் துளையின் நீர் அதிக தூரம் பாயும்?

பள்ளிப் பாடநூல்களில் அடிக்கடி வரும் படம் அது. உயரமான பாத்திரம் ஒன்றின் பக்கவாட்டில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று துளைகள். மேல்துளை நீர் பக்கத்திலேயே விழுந்துவிடும், கீழ்த்துளை நீர் மற்ற இரண்டையும் தாண்டிப் போகும். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்று காட்டுவதற்கான படம். அழுத்தம் பற்றி அது சொல்வது சரி. ஆனால் பாத்திரத்தைத் தரைமேல் வைத்து வரைந்திருந்தால், நீர் விழும் இடம் தவறு.

டாரிசெல்லியின் 1644ஆம் ஆண்டு விதியை இங்கே எடுத்துக்கொள்வோம். திறந்த தொட்டியின் துளையிலிருந்து வெளிவரும் நீருக்கு, நீர்மட்டத்திலிருந்து அந்தத் துளை வரை தடையின்றி விழுந்தால் கிடைக்கும் வேகம் இருக்கும். ஆக, கீழே போகப் போக வேகம் கூடும். ஆனால் பாய்ந்த நீர் தரையைத் தொடும் வரைதான் முன்னேற முடியும். கீழ்த்துளைக்கு வேகம் இருக்கிறது, நேரம் இல்லை. மேல்துளைக்கு நேரம் இருக்கிறது, வேகம் இல்லை.

தரையில் நிற்கும் தொட்டியில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் இருக்கட்டும். தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் உள்ள துளையில் நீர் நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் வெளியேறும். தரையைத் தொட அதற்கு 0.2 நொடி போதும். எனவே 80 செ.மீ. தூரத்தில் விழும். 80 செ.மீ. உயரத்துத் துளையில் வேகம் பாதிதான், 2 மீட்டர். ஆனால் விழ 0.4 நொடி ஆகும். அதுவும் அதே 80 செ.மீ.! இரண்டுக்கும் நடுவே, 50 செ.மீ. உயரத்தில் இருக்கும் துளையின் நீர் சரியாக ஒரு மீட்டர் பாயும். நீரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம். அதைத் தாண்ட வேறு எந்தத் துளையாலும் முடியாது.

இதைக் கணக்கே இல்லாமல் காண ஓர் அழகான வழி உண்டு. நீர்மட்டத்திலிருந்து தரை வரையுள்ள செங்குத்துக் கோட்டை விட்டமாக வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். துளையின் உயரத்தில் வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கிடைக்கோடு இழுங்கள். அந்த நாணின் நீளம்தான் நீர் பாயும் தூரம். வட்டம் நடுவில்தான் அகலம். மேலும் கீழும் ஒரே அளவில் குறுகுகிறது. ஈர்ப்பு விசைக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை என்பதையும் கவனியுங்கள். ஈர்ப்பு குறைந்தால் நீர் மெதுவாக வெளிவரும், அதே விகிதத்தில் மெதுவாக விழும்.

தொட்டியைப் பீடத்தின் மேல் ஏற்றினால் என்ன ஆகும்? வட்டம் தொட்டியின் அடியோடு நிற்காது, தரை வரை நீளும். பீடம் அரை மீட்டர் என்றால் விட்டம் ஒன்றரை மீட்டர். அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 75 செ.மீ., அதாவது தொட்டியின் அடியிலிருந்து 25 செ.மீ. மட்டுமே. சிறந்த துளை கீழே இறங்கிவிட்டது. பீடம் ஒரு மீட்டரானால் நடுப்புள்ளி தொட்டியின் அடிக்கே வந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு உயர்த்தினாலும் அடித்துளைதான் வெல்லும். நீரின் உயரத்துக்குக் குறையாத பீடத்தை வரைந்திருந்தால் அந்தப் பாடநூல் படம் முழுக்கச் சரி.

தரையில் உள்ள தொட்டிக்கே திரும்புவோம். நீர் வெளியேற வெளியேற மட்டம் இறங்கும், வட்டமும் சுருங்கும். முதலில் 50 செ.மீ. துளை முந்துகிறது. மட்டம் 70 செ.மீ.க்கு வரும்போது 50, 20 இரண்டும் ஒரே இடத்தில் விழும், ஏனென்றால் அப்போது வட்டத்தின் நடு 35 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதன்பின் கீழ்த்துளை முந்திவிடும். பிளாஸ்டிக் புட்டியில் செய்து பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். மட்டம் இறங்கியபின் அளந்துவிட்டு, பாடநூல்தான் சரி என்று முடிவு கட்டுகிறார்கள். மேலிருந்து நீர் ஊற்றி மட்டத்தை மாறாமல் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். மூடியையும் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து நீர் தயங்கும். துளை சற்றே மேல்நோக்கிச் சாய்ந்தாலும் கணக்கு பொய்த்துவிடும். மிகச் சிறிய துளையென்றால் நீர் பாயாமல் சுவரை ஒட்டியே வழியும்.

எல்லாம் கவனமாகச் செய்தாலும் ஒரு மீட்டர் கிடைக்காது. கூர்விளிம்புத் துளையில் 97 அல்லது 98 செ.மீ. வரும். உராய்வு தின்ற பங்கு அது. பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் இந்தக் குறைவையே அளக்கிறார்கள். பாய்ந்த தூரத்தை, பாய்ந்திருக்க வேண்டிய தூரத்தால் வகுத்தால் வரும் 0.97தான் அந்தத் துளையின் திசைவேகக் குணகம்.